டேப்லெஸ் செல்: மின்னோட்டம் நடக்கும் தூரமும் செல்லின் சூடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேப்லெஸ் என்கிறார்களே, எந்த டேப்பைச் சொல்கிறார்கள்?

ஒட்டும் டேப் இல்லை. உருளை வடிவ லித்தியம்-அயன் செல்லுக்குள் சுருட்டிய பாய் மாதிரி ஒரு சுருள் இருக்கும். ஒரு செப்பு ஃபாயில், ஓர் அலுமினிய ஃபாயில், இரண்டுக்கும் இடையில் செபரேட்டர் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு. செப்பின் இரு பக்கமும் ஆனோடுப் பூச்சு, அலுமினியத்தின் இரு பக்கமும் கேத்தோடுப் பூச்சு. இந்தச் சுருளிலிருந்து மின்னோட்டத்தை வெளியே கொண்டுவர, ஃபாயிலின் ஏதோ ஓர் இடத்தில் பூச்சில்லாமல் விட்டு, அங்கே ஒரு சிறு உலோகப் பட்டையை வெல்டிங் செய்வார்கள். அந்தப் பட்டைதான் டேப். ஒன்று மேல் மூடிக்குப் போகும், மற்றது கீழே உறையின் அடிக்குப் போகும்.

டேப்லெஸ் செல்லில் தனியாக ஒட்டிய பட்டை கிடையாது. ஃபாயிலின் நீள விளிம்பு முழுவதையும் பூச்சில்லாமல் விட்டு, அந்த விளிம்பையே வட்டத் தகடு ஒன்றோடு வெல்டிங் செய்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பெயரே தவறு. டேப் இல்லாத செல் இல்லை இது, விளிம்பு முழுக்க டேப்பாக மாறிய செல்.

இது டெஸ்லா கண்டுபிடித்ததா?

பரவலாகப் பேசப்பட்டது 2020 செப்டம்பரில் டெஸ்லா 4680 செல்லை அறிவித்தபோது. 46 மி.மீ. விட்டம், 80 மி.மீ. உயரம். ஆனால் ஃபாயில் விளிம்பைத் தகட்டோடு சேர்க்கும் யோசனை பழையது. அதிக மின்னோட்டம் தரும் நிக்கல்-காட்மியம் செல்களிலும் சூப்பர் கெப்பாசிட்டர்களிலும் அதைப் பல ஆண்டுகளாகச் செய்து வந்திருக்கிறார்கள். பெரிய லித்தியம் செல்லில், மிக மெல்லிய ஃபாயிலில், நிமிடத்துக்கு இத்தனை என்ற வேகத்தில் செய்வதுதான் புதிய சவால்.

செல்லுக்குள் மின்னோட்டம் எவ்வளவு தூரம் போகிறது? 80 மி.மீ. உயரம்தானே?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சுருளை விரித்துப் போட்டால் கதை வேறு. 4680 அளவுள்ள செல்லில் ஃபாயில் ஏறக்குறைய 4 மீட்டர் நீளம் வரும். அகலம், அதாவது செல்லின் உயரத் திசையில், சுமார் 70 மி.மீ. தடிமன்? செப்பு 10 மைக்ரான், அலுமினியம் 15 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளலாம். நம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது.

லித்தியம் அயனி கடக்கும் தூரம் மிகச் சிறியது. பூச்சின் தடிமனும் செபரேட்டரின் தடிமனும்தான், ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு. எலக்ட்ரானுக்குத்தான் நெடும்பயணம். பூச்சிலிருந்து ஃபாயிலுக்கு இறங்கிய எலக்ட்ரான், டேப் இருக்கும் இடம்வரை ஃபாயிலின் நீளத்திலேயே சுற்றிச் சுற்றி நடந்துதான் ஆகவேண்டும். பக்கத்துச் சுற்றுக்குக் குறுக்கே தாவ முடியாது, நடுவில் செபரேட்டர் இருக்கிறது. டேப் ஒரு முனையில் இருந்தால் மறுமுனையில் கிளம்பும் எலக்ட்ரானுக்கு 4 மீட்டர் பயணம்.

நீளமான கூடம், ஒரே ஒரு வாசல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். டேப்லெஸ் செய்வது, கூடத்தின் நீளச் சுவர் முழுவதையும் வாசலாக்குவது. எங்கே நின்றாலும் 70 மி.மீ. நடந்தால் வெளியே வந்துவிடலாம்.

நான்கு மீட்டர் உலோகம் அப்படி என்ன தடுத்துவிடும்? செப்பு நல்ல கடத்திதானே?

நல்ல கடத்திதான், ஆனால் 10 மைக்ரான் தடிமனில் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். மின்தடைக்கான வாய்ப்பாடு:

```
R = ρ × L / (W × t)
```

ρ என்பது அந்த உலோகத்துக்கே உரிய தன்மின்தடை, L மின்னோட்டம் போகும் நீளம், W அகலம், t தடிமன். செப்பின் ρ 1.7 × 10⁻⁸ ஓம்-மீட்டர். 4 மீட்டர் நீளம், 70 மி.மீ. அகலம், 10 மைக்ரான் தடிமன் என்று போட்டால் முனைக்கு முனை சுமார் 97 மில்லியோம் வருகிறது. அலுமினியத்தின் ρ 2.7 × 10⁻⁸. 15 மைக்ரானுக்கு சுமார் 103 மில்லியோம். இரண்டும் சேர்ந்து 200.

ஆனால் 200 முழுவதும் கணக்கில் வராது. காரணம், மின்னோட்டம் முழுவதும் மறுமுனையிலிருந்து கிளம்புவதில்லை. வழிநெடுக ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, டேப்புக்கு அருகில்தான் முழு அளவை எட்டுகிறது. இந்தச் சேர்க்கை சீராக நடக்கிறது என்று வைத்துக் கணக்கிட்டால், ஒரு முனையில் டேப் இருக்கும்போது பயனுறு தடை மூன்றில் ஒரு பங்கு. டேப்பை நீளத்தின் நடுவில் வைத்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு. நடு டேப்புக்கு 200 ÷ 12, அதாவது சுமார் 17 மில்லியோம்.

இந்தச் செல்லின் கொள்ளளவு 25 ஆம்பியர்-மணி என்று கொள்வோம். 100 ஆம்பியர் இழுத்தால் கால் மணி நேரத்தில் காலியாகும். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் ஃபாயிலில் மட்டும் 167 வாட் சூடு. சுமார் 350 கிராம் எடையுள்ள செல் அது. சூட்டை வெளியே எடுக்காவிட்டால் நிமிடத்துக்கு முப்பது டிகிரி அளவுக்கு ஏறும்.

சூடு ஒரு பக்கம் இருக்கட்டும், மின்னழுத்தத்தையும் பாருங்கள். 17 மில்லியோமில் 100 ஆம்பியர் போனால் சராசரியாக 1.7 வோல்ட் உள்ளேயே விழுந்துவிடும். செல்லே 3.6 வோல்ட்தான். டேப் ஒரு முனையில் இருந்தால் வீழ்ச்சி 6.7 வோல்ட் என்று கணக்கு வரும். செல்லிடம் இருப்பதைவிட அதிகம், ஆக அந்தச் செல் 100 ஆம்பியரைத் தரவே தராது. திறன் குறைவதும் சூடு கூடுவதும் இரண்டு தனிப் பிரச்சினைகள் இல்லை. ஒரே மின்னழுத்த இழப்பை இரண்டு பக்கமிருந்து பார்க்கிறோம்.

அப்படியானால் சின்ன செல்களில் டேப் வைத்தே இத்தனை காலம் எப்படி ஓடியது?

இதுதான் விஷயத்தின் மையம், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

21 மி.மீ. விட்டம், 70 மி.மீ. உயரமுள்ள 2170 செல்லில் ஃபாயில் சுமார் 0.85 மீட்டர், அகலம் 63 மி.மீ. அதே தடிமன்களை வைத்து, டேப்பும் நடுவில் என்று கணக்கிட்டால் தடை 4 மில்லியோம்கூட வராது. அது 5 ஆம்பியர்-மணி செல். கால் மணி நேரத்தில் காலியாக வேண்டுமானால் 20 ஆம்பியர். ஃபாயிலில் சூடு 1.6 வாட்.

இப்போது ஒப்பிடுங்கள். ஐந்து சின்ன செல் சேர்ந்தால் அதே 25 ஆம்பியர்-மணி, ஃபாயில் சூடு மொத்தம் 8 வாட். ஒரே பெரிய செல்லில் 167 வாட். அதே பூச்சு, அதே உலோகம், அதே நேரத்தில் காலியாகிறது. சூடு மட்டும் இருபது மடங்கு.

ஏன்? ஃபாயில் நீளம் இரண்டு மடங்கானால் தடை இரண்டு மடங்கு. கூடவே கொள்ளளவும் இரண்டு மடங்காகிறது, அதனால் அதே நேரத்தில் காலியாக்க இரண்டு மடங்கு மின்னோட்டம் வேண்டும், அதன் வர்க்கம் நான்கு. மொத்தச் சூடு எட்டு மடங்கு. கொள்ளளவு இரண்டு மடங்கு என்பதால், ஓர் ஆம்பியர்-மணிக்கு நான்கு மடங்கு. ஆக, ஆம்பியர்-மணிக்கான சூடு நீளத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 0.85 மீட்டரிலிருந்து 4 மீட்டர் என்பது 4.7 மடங்கு, அதன் வர்க்கம் 22. மேலே வந்த இருபது மடங்கு இதுதான். மீதிச் சிறு வித்தியாசம், கொள்ளளவு எண்களைத் தோராயமாக எடுத்ததால் வருவது.

டேப்லெஸ் ஆனதும் அந்த எண் எவ்வளவாகிறது?

வாய்ப்பாட்டில் L, W இரண்டும் இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். நடக்கும் தூரம் 70 மி.மீ., நடக்கும் பாதையின் அகலம் 4 மீட்டர். செப்பில் 0.03 மில்லியோம், அலுமினியத்திலும் ஏறக்குறைய அதே. சீராகச் சேர்வதற்கான மூன்றில் ஒரு பங்கை எடுத்தால் இரண்டும் சேர்ந்து 0.02 மில்லியோம். 100 ஆம்பியரில் 0.2 வாட்.

167 வாட் எங்கே, 0.2 வாட் எங்கே! ஆனால் இந்த எண்ணைப் பார்த்து மயங்கவேண்டாம். ஃபாயில் கணக்கிலிருந்து கிட்டத்தட்ட மறைந்துவிட்டது என்று மட்டும்தான் இதற்குப் பொருள். செல்லின் மீதித் தடை அப்படியே இருக்கிறது: பூச்சுக்குள் நடக்கும் வேதிவினை, அயனிகள் நீந்தும் திரவமான எலக்ட்ரோலைட், ஃபாயிலும் பூச்சும் ஒட்டும் இடம், வட்டத் தகடு, வெல்டிங். அது சில மில்லியோம் வரும்.

இன்னொன்று: இப்போது ஃபாயில் நீளம் எவ்வளவு கூடினாலும் நடக்கும் தூரம் மாறாது. ஆம்பியர்-மணிக்கான ஃபாயில் சூட்டை இனித் தீர்மானிப்பது செல்லின் உயரம்தான், விட்டம் இல்லை.

அப்படியென்றால் உயரத்தைக் கூட்டினால் பிரச்சினை திரும்பி வருமா?

உயரத்தின் வர்க்கத்தில் ஏறும், உண்மை. 46 மி.மீ. விட்டத்தில் 95, 120 மி.மீ. உயரச் செல்களும் உண்டு, பி.எம்.டபிள்யூ. தன் ஆறாம் தலைமுறை மின்வாகன பேட்டரிக்கு இந்த இரண்டு உயரங்களையும் அறிவித்தது. 80-லிருந்து 120-க்குப் போனால் ஆம்பியர்-மணிக்கு இரண்டேகால் மடங்கு. தொடக்க எண்ணே மிகச் சிறியது என்பதால் ஃபாயில் பற்றிக் கவலையில்லை. ஆனால் மொத்த மின்னோட்டமும் ஒரே வட்டத் தகடு வழியாகவே போகவேண்டும், அங்கே தடிமன் கூட்ட வேண்டியிருக்கும்.

நான்கைந்து டேப் வைத்தால் போதாதா? ஏன் இவ்வளவு சிரமம்?

நல்ல கேள்வி. சமமான இடைவெளியில் n டேப் வைத்தால் தடை n-இன் வர்க்கத்தால் குறையும்:

```
R(n) = R / (12 × n²)
```

ஐந்து டேப் என்றால் 200 ÷ 300, சுமார் 0.67 மில்லியோம். 100 ஆம்பியரில் 6.7 வாட். 167-லிருந்து இறங்கி வந்த பிறகு 6.7-க்கும் 0.2-க்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகத் தோன்றாது. மின்சாரக் கணக்கை மட்டும் பார்த்தால் ஐந்தாறு டேப்பே பெரும்பகுதி வேலையை முடித்துவிடும் என்பதுதான் என் கருத்து.

சிக்கல் தொழிற்சாலையில் வருகிறது. ஒவ்வொரு டேப்புக்கும் பூச்சு இயந்திரத்தை நிறுத்தி, இடைவெளி விட்டு, மறுபடி தொடங்கவேண்டும். பூச்சு நின்று தொடங்கும் ஒவ்வொரு விளிம்பிலும் தடிமன் கொஞ்சம் பிசகும். டேப்பை வெல்டிங் செய்ய ஃபாயில் ஓட்டமும் நிற்கவேண்டும். போதாததற்கு டேப் இருக்கும் இடத்தில் சுருள் புடைக்கும், அந்த அழுத்தம் செபரேட்டரில் விழும். டேப்லெஸ்ஸில் பூச்சு நிற்காமல் ஓடுகிறது. விளிம்பை மட்டும் ஒரே கோடாக விட்டால் போதும். பெரிய அளவில் தயாரிப்பவர்களை இழுத்தது தடையைவிட இதுதான் என்று தோன்றுகிறது.

கணக்கில் "சீராக" என்று வைத்துக்கொண்டீர்கள். நிஜத்தில் சீராக இருக்குமா?

டேப் வைத்த பெரிய செல்லில் இருக்காது. மின்னோட்டம் சோம்பேறி, தடை குறைந்த வழியைத் தேடும். டேப்புக்கு அருகிலுள்ள பகுதி அதிகமாக உழைக்கும், தொலைவிலுள்ள பகுதி ஏறக்குறைய தூங்கும். அதனால் நிஜத் தடை என் கணக்கைவிடக் குறைவாகவே தெரியும். ஆனால் அது நல்ல செய்தி இல்லை. செல்லின் ஒரு பகுதி மட்டுமே வேலை செய்கிறது என்பதுதான் அதன் பொருள்.

வேகமாக சார்ஜ் செய்யும்போது இது உறுத்தும். செல் முழுவதற்கும் பாதுகாப்பான மின்னோட்டம், டேப்புக்கு அருகில் மட்டும் வரம்பைத் தாண்டிவிடும். அங்கே லித்தியம் ஆனோடுப் பூச்சிலுள்ள கிராஃபைட்டுக்குள் நுழைய நேரமில்லாமல் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். பழைய செல்லைப் பிரித்துப் பார்க்கும்போது டேப் பக்கம் மட்டும் சாம்பல் நிறப் படிவு இருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

அப்போ டேப்லெஸ் செல்லை எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் சார்ஜ் செய்யலாமா?

முடியாது. டேப்லெஸ் சரிசெய்வது ஃபாயில் நீளத்தில் வரும் ஏற்றத்தாழ்வை. பூச்சு தடிமனாக இருந்தால் அதன் ஆழத்துக்கு அயனிகள் போய்ச் சேர நேரம் பிடிக்கும். குளிரில் கிராஃபைட் மந்தமாகும். இந்த இரண்டிலும் ஃபாயிலின் கையில் எதுவும் இல்லை.

டேப்லெஸ் செல் சூடே ஆகாதா?

ஆகும். மீதித் தடை 4 மில்லியோம் என்று கொண்டால் 50 ஆம்பியரில் 10 வாட், 100 ஆம்பியரில் 40 வாட். அந்தச் சூடு வெளியே வரும் வழியையும் பார்க்கவேண்டும்.

சுருளில் சூடு ஆரத் திசையில் மிக மோசமாகக் கடத்தப்படும், ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் செபரேட்டரைக் கடக்கவேண்டும். வெப்பக் கடத்துதிறன் அந்தத் திசையில் மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 1 வாட் என்று கொள்ளலாம். மேலிருந்து கீழாக, ஃபாயிலோடு சேர்ந்து போனால் இருபது முப்பது மடங்கு நன்றாகப் போகும். 10 வாட் சூட்டில், பக்கவாட்டில் மட்டும் குளிர்வித்தால் மையத்துக்கும் உறைக்கும் வித்தியாசம் சுமார் 11 டிகிரி வரும். கன அளவுக்கு இதே வீதத்தில் சூடாகும் 2170 செல்லில் அது இரண்டரை டிகிரிதான். பெரிய விட்டத்தின் விலை இது. டேப்லெஸ் இதைத் தீர்க்கவில்லை.

ஆனால் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. எல்லாச் சுற்றுகளின் உலோகமும் அடித் தகட்டோடு நேராக ஒட்டியிருப்பதால், சூடும் அந்த வழியாக இறங்கும். டேப் செல்லில் சுருளின் அடிக்கும் உறைக்கும் இடையே மெல்லிய பட்டை ஒன்றுதான் பாலம். டேப்லெஸ்ஸில் அடியிலிருந்து குளிர்விப்பதும் பயன் தரும், மேலும் கீழும் இரண்டு பக்கமும் என்றால் இன்னும் நல்லது.

விளிம்பை எப்படித்தான் தகட்டோடு ஒட்டுகிறார்கள்?

பூச்சில்லாத விளிம்பை லேசரால் சின்னச் சின்னக் கொடிகள் போல வெட்டுவது ஒரு முறை. சுருட்டிய பிறகு அந்தக் கொடிகளை மையம் நோக்கி மடித்தால், ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று படியும். அதன்மேல் வட்டத் தகட்டை வைத்து லேசர் வெல்டிங்.

மடிக்கும்போது கொடி கிழிந்தால், துணுக்கு சுருளுக்குள் விழும். லேசர் கொஞ்சம் கூடினால் ஃபாயிலைத் துளைத்து செபரேட்டரை உருக்கும். குறைந்தால் ஒட்டியது போல இருக்கும், ஒட்டியிருக்காது. இன்னொரு தொல்லை, மடிந்த கொடிகள் சுருளின் வாயை மூடிவிடுவதால் எலக்ட்ரோலைட் உள்ளே இறங்க நேரம் எடுக்கும். தகட்டில் துளைகள் இருப்பது இதற்குத்தான்.

வெல்டிங் சரியில்லை என்றால் எப்படித் தெரியும்? மின்தடையை அளந்தால் போதுமா?

போதாது, இதில் பலர் ஏமாறுகிறார்கள்.

மையத்தை ஒட்டிய பத்துப் பதினைந்து சுற்றுகள், அதாவது 4 மீட்டரில் 40 செ.மீ., செப்புப் பக்கம் ஒட்டவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கொடிகளோடும் தொடர்பு இல்லை. அந்தப் பகுதி மறுபடி பழைய டேப் செல்லாக மாறிவிடும், மின்னோட்டம் நீளவாக்கில் நடந்துதான் ஒட்டிய இடத்துக்கு வரவேண்டும். 40 செ.மீ. செப்பின் தடை சுமார் 10 மில்லியோம், அதில் மூன்றில் ஒரு பங்கு. மொத்தம் 100 ஆம்பியரில் இந்தப் பகுதியின் பங்கு 10 ஆம்பியர். கூடுதல் சூடு 0.33 வாட்.

முழு செல்லின் தடையில் இது 0.03 மில்லியோம்தான் கூட்டும். 4 மில்லியோமில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு கிலோஹெர்ட்ஸ் மின்தடை மீட்டரில் செல்லுக்குச் செல் இருக்கும் இயல்பான வித்தியாசத்துக்குள் இது ஒளிந்துகொள்ளும். ஆனால் அந்த 0.33 வாட் விழுவது மையத்தில், ஏற்கனவே சூடு வெளியேற வழியில்லாத இடத்தில். எலக்ட்ரோடின் பத்தில் ஒரு பகுதி மற்றவற்றோடு சேராமல் சற்றுப் பின்தங்கியே ஓடும்.

இதைப் பிடிக்க எக்ஸ்ரே சி.டி. ஸ்கேன் வேண்டும், அல்லது மாதிரிச் செல்லை அறுத்து வெல்டிங்கின் ஆழத்தைப் பார்க்கவேண்டும். துளைத்துப்போன வெல்டிங்குக்கு வேறு அடையாளம். சார்ஜ் செய்து சில நாள் வைத்திருந்தால் மின்னழுத்தம் மற்ற செல்களைவிட வேகமாக இறங்கும், உள்ளே மெல்லிய குறுக்கிணைப்பு இருப்பதால். தடை மீட்டர் உதவுவது பெரிய தவறுகளுக்கு, உதாரணமாகத் தகட்டின் ஒரு பக்கமே விட்டுப்போயிருந்தால்.

சின்ன 2170 செல்லிலும் இப்போது டேப்லெஸ் வருகிறதே, அங்கே பயன் உண்டா?

எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டிரில், கிரைண்டர் போன்ற பவர் டூல்களில் ஒரு செல்லிலிருந்து முப்பது நாற்பது ஆம்பியர் இழுப்பார்கள். 4 மில்லியோம் ஃபாயில் தடை 40 ஆம்பியரில் 6.4 வாட், 70 கிராம் செல்லுக்கு அது அதிகம். அங்கே டேப்லெஸ் தெளிவான லாபம். டார்ச் விளக்குக்கு 2 ஆம்பியர் இழுத்தால் அதே தடையில் 0.016 வாட். வித்தியாசம் கையில் தெரியாது. மடித்த விளிம்பும் தகடும் உயரத்தில் சில மில்லிமீட்டரை எடுத்துக்கொள்வதால், அதே அளவுச் செல்லில் கொள்ளளவுதான் கொஞ்சம் குறையும்.